ரேஸிங் வீல்: வளைவில் கல் மாதிரி கனம், நேர்ச் சாலையில் உயிரே இல்லை. உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. பெல்ட்டில் ஓடும் 900 டிகிரி வீல் ஒன்றைக் கம்ப்யூட்டரில் மாட்டியிருக்கிறேன். யூஎஸ்பி ஹப் வழியாக இணைத்தபோது ஆட்டத்தின் நடுவே தொடர்பு அறுந்தது. மதர்போர்டு போர்ட்டில் நேரடியாகச் செருகியதும் அது சரியாகிவிட்டது. `joy.cpl` திறந்து பார்த்தேன். ஸ்டீயரிங் இரு முனையும் தொடுகிறது. காலை எடுத்த பிறகும் பிரேக் கொஞ்சம் அழுந்தியதாகவே காட்டியது. கேமில் 5% டெட்ஸோன் வைத்ததும் அதுவும் தீர்ந்தது.

உண்மையான சிக்கல் ஃபோர்ஸ் ஃபீட்பேக்கில். நீண்ட வளைவில் வீல் இறுகிப்போகிறது. ஓரக் கட்டையில் டயர் ஏறினாலும் கையில் ஒரு அதிர்வும் தெரியவில்லை. திரையில் ஃபோர்ஸ் அளவைக் காட்டும் பட்டை அப்போது உச்சியிலேயே நிற்கிறது. மோட்டார் ஏற்கெனவே முழு பலத்தில் இழுப்பதால், அதற்கு மேல் வரும் நுணுக்கமெல்லாம் வெட்டுப்படுகிறது என்று புரிந்துகொண்டேன். கேமில் கெயினை 100லிருந்து 65க்குக் குறைத்தேன். ஓரக் கட்டையின் தடதடப்பு அழகாகத் திரும்பிவிட்டது!

ஆனால் இப்போது நேர்ச் சாலையில் வீல் தொளதொளவென்று இருக்கிறது. சின்ன விசைகளை பெல்ட்டின் உராய்வே விழுங்கிவிடுகிறது போலும். மினிமம் ஃபோர்ஸை 12க்கு ஏற்றினால், கையை விட்டதும் வீல் தானாகவே இடமும் வலமும் ஆடுகிறது. 6இல் ஆட்டம் இல்லை, உணர்வும் இல்லை.

பெல்ட் வீல் வைத்திருப்பவர்கள் இதற்குச் சரியான அளவை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? டேம்பிங்கைக் கொஞ்சம் கூட்டினால் அந்த ஆட்டம் அடங்குமா, இல்லை நுணுக்கமும் சேர்ந்து மழுங்கிவிடுமா?