வீட்டுக்காரர் இறந்திட்டார், வாடகையை ஆரிட்டக் குடுக்கிறது?

கோண்டாவிலில வாடகை வீட்டில இருக்கிறம். நொத்தாரிசு மூலம் எழுதின ரெண்டு வருச ஒப்பந்தம், இன்னும் பத்து மாதம் கிடக்கு. வாடகை மாதம் 35,000. ஆறு மாத முற்பணமும் அவரிட்டத்தான் இருக்கு.

வீட்டுக்கார ஐயா தை மாதம் மோசம் போயிட்டார். வாடகை போடுற அவற்ற வங்கிக் கணக்கை முடக்கியாச்சு, போட்ட காசு திரும்பி வந்திட்டுது. கனடாவில இருக்கிற மகன் தன்ர கணக்குக்குப் போடச் சொல்லுறார். கொழும்பில இருக்கிற மகள் தனக்குத்தான் எண்டு சொல்லி, "இல்லாட்டி வீட்டை விடுங்கோ" எண்டுறா. உறுதி இன்னும் ஐயாவின்ர பேரிலதான்.

ரெண்டு பேரும் சேர்ந்து கையெழுத்து வைச்சு ஒரு கடிதம் தாங்கோ எண்டு கேட்டன், தரேல்லை. கிராம அலுவலர், உரிமையாளர் ஆரெண்டு நீதிமன்றம்தான் சொல்லவேணும் எண்டார். மாவட்ட நீதிமன்றத்தில ஆரும் இன்னும் வழக்குப் போடேல்லை. தெரிஞ்ச சட்டத்தரணி ஒருத்தர், வீட்டுக்காரர் இறந்தாலும் ஒப்பந்தம் முறியாது, உரித்தாளிகளையும் அது கட்டும் எண்டார். அதால வீடு போகுமெண்ட பயம் குறைஞ்சிட்டுது. ஒருத்தருக்குக் குடுத்திட்டுப் பிறகு மற்றவருக்கும் கட்டவேண்டி வருமோ எண்டதுதான் பயம். வாடகைக் காசைத் தொடாமல் வேற கணக்கில மாதாமாதம் போட்டு வாறன்.

ஐயாவின்ர சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் குடுக்கிற நிர்வாகக் கடிதம் ஒருத்தருக்குக் கிடைக்கும் வரைக்கும், நிலுவை எண்டு ஆகாமல் இந்த வாடகையை நான் எங்க, எப்பிடிக் கட்டுறது?