ஸ்காபரோவில் பள்ளிக்கூட பஸ்: பிள்ளை எந்தப் பக்கத்தில் நின்று ஏறுவது?

நிலாவெளி அம்மா

ஆகஸ்ட் கடைசியில் ஸ்காபரோ போகிறோம். மாக்கம் வீதிக்கு உள்ளே ஒரு குறுக்குத் தெருவில் நிலக்கீழ் வீடு பேசியிருக்கிறோம். மகள் 2ஆம் தரம், மகன் 7ஆம் தரம். இங்கே நிலாவெளியில் விடியற்காலையில் வான் வாசலுக்கே வந்து ஹோர்ன் அடிக்கும், நகரத்துப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடும். எனக்குத் தெரிந்த ஏற்பாடு அது ஒன்றுதான். புது வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் 2 கிலோமீற்றருக்குச் சற்று மேல். மகனை மட்டும் நோர்த் யோர்க்கில் அக்கா பிள்ளைகளோடு படிக்க வைக்கலாமா என்றும் யோசனை. அது 15 கிலோமீற்றர். இருவருக்கும் பஸ் வருமா? எங்கே நிற்க வேண்டும்?

அன்புவழிபுரம் தம்பி

அக்கா, கவலையே வேண்டாம். ரொறொன்ரோவில் 1.6 கிலோமீற்றர் தாண்டினால் மஞ்சள் பஸ் இலவசம். என் மகள் அப்படித்தான் போகிறாள். இரண்டு பேருக்கும் கிடைக்கும்.

லண்டன் மாமா

எங்கள் பக்கம் மஞ்சள் பஸ் எல்லாம் இல்லை. பிள்ளைக்கு ஸிப் அட்டை எடுத்துக் கொடுத்தால் சிவப்பு பஸ்ஸில் காசில்லாமல் போகும். நீங்களும் அந்த அட்டைக்கு முதலில் விண்ணப்பியுங்கள்.

மாக்கம் வீதி சாரதி

மாமா, அவர் போவது கனடாவுக்கு. அந்த அட்டை இங்கே செல்லாது. ஆனால் ரொறொன்ரோ நகரப் போக்குவரத்தான ரி.ரி.சி.யின் பஸ்ஸிலும் சுரங்க ரயிலிலும் 12 வயது வரை இலவசம்தான்.

தம்பி சொன்னதில் பாதி சரி. ரொறொன்ரோ பொதுப் பள்ளிச் சபையில் 1.6 கிலோமீற்றர் கணக்கு 5ஆம் தரம் வரைக்கும்தான். 6 முதல் 8 வரை 3.2 கிலோமீற்றர். கத்தோலிக்கச் சபைக்கு வேறு அளவு. ஆகவே தங்கச்சி, மகளுக்கு பஸ் கிடைக்கக்கூடும். அதே பள்ளிக்கூடத்துக்குப் போகும் மகனுக்குத் தூரம் காணாது. இன்னொன்று, உங்கள் முகவரிக்குரிய பள்ளிக்கூடத்துக்குத்தான் இந்தக் கணக்கு. விரும்பி வேறு வட்டாரத்தில் சேர்த்தால் கொண்டுபோய் விடுவது பெற்றோர் பொறுப்பு. நோர்த் யோர்க்குக்கு மஞ்சள் பஸ்ஸை எதிர்பார்க்காதீர்கள்.

வாசலில் ஹோர்ன் அடிப்பதையும் மறந்துவிடுங்கள். பள்ளிக்கூடத்தில் பதிந்த பிறகு நிறுத்தத்தையும் நேரத்தையும் அவர்கள் குறித்துக் கொடுப்பார்கள். ஐந்து, பத்து நிமிடம் முன்னதாக நிற்க வேண்டும். சாரதி காத்திருக்க மாட்டார். நான் இந்த பஸ்ஸை ஓட்டியவன். பின்னால் கார்கள் வரிசையாக நிற்கும்போது ஒரு பிள்ளைக்காகக் காத்திருக்கவே முடியாது. செப்டெம்பர் முதல் வாரங்களில் பஸ்தான் பிந்தும், அது வேறு கதை.

நிலாவெளி அம்மா

குறித்துக் கொடுக்கும் இடம் பிடிக்காவிட்டால்?

மாக்கம் வீதி சாரதி

மாற்றித் தரும்படி எழுதிக் கேட்கலாம். "தூரம்" என்று மட்டும் எழுதினால் எடுபடுவது கடினம். அந்த இடத்தில் என்ன ஆபத்து என்று எழுதுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது, பிள்ளை பெருவீதியைக் கடக்க வேண்டியிருக்கிறதா என்பது. பஸ் முதலில் மஞ்சள் விளக்கை மின்னவிடும், பிறகு சிவப்பு விளக்கு எரியும், பக்கவாட்டில் நிறுத்தப் பலகை விரியும். அப்போது இரு திசை வாகனங்களும் நிற்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் வீதி நடுவில் திட்டுக் கட்டிப் பிரித்திருந்தால், எதிர்த்திசையில் வருபவர் நிற்கத் தேவையில்லை. அப்படியான இடத்தில் வீடு இருக்கும் பக்கத்திலேயே நிறுத்தம் வேண்டும். திட்டு இல்லாத அகல வீதியிலும், கடைசித் தடத்தில் வருபவன் பலகையைக் கவனிக்காமல் போவதை நான் ஓட்டுநர் இருக்கையில் இருந்து பலமுறை பார்த்திருக்கிறேன். உங்கள் குறுக்குத் தெருவுக்குள் நிறுத்தம் கிடைத்தால் அதுவே நல்லது.

உப்புவெளி வான்காரர்

நான் திருகோணமலையை விட்டு எங்கும் போனதில்லை, ஆனாலும் ஒன்று சொல்கிறேன் பிள்ளை. நம் வானின் கதவு இடப்பக்கம். பிள்ளைகள் இறங்கியதும் வலப்பக்கம் பார்த்துத்தான் ரோட்டைக் கடக்கப் பழகியிருக்கிறார்கள். அங்கே வாகனம் வலப்பக்கமாக ஓடுகிறது என்றால் எல்லாம் தலைகீழ் அல்லவா? உங்கள் மகன் தன் பழக்கத்தில் வலப்பக்கம் பார்த்துவிட்டு இறங்குவான், வண்டி இடப்பக்கத்தில் இருந்து வரும்.

மாக்கம் வீதி சாரதி

அண்ணா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. இங்கே முதலில் வருவது இடப்பக்கத்து வாகனம். பள்ளிக்கூடம் தொடங்கும் முன்பே இரண்டு பிள்ளைகளையும் தெருவில் கூட்டிச்சென்று "இடம், வலம், திரும்ப இடம்" என்று பழக்குங்கள்.

கடக்கத்தான் வேண்டும் என்றால் பஸ்ஸின் முன்னால், அதுவும் குறைந்தது மூன்று மீற்றர் தள்ளி. உயரமான முகப்புக்கு ஒட்டினாற்போல் நிற்கும் சின்னப் பிள்ளையைச் சாரதியால் பார்க்க முடியாது. சாரதியின் முகத்தைப் பார்த்து, அவர் கை காட்டிய பிறகு நடக்கட்டும். பஸ்ஸின் பின்னால் போகவே கூடாது. கையுறையோ கொப்பியோ பஸ்ஸுக்குக் கீழே விழுந்தால் எடுக்கக் குனியக் கூடாது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

பனிக்காலத்துக்கும் சேர்த்து இடத்தைப் பாருங்கள். வீதியோரத்தில் தள்ளிவிட்ட பனி குன்றாக இருக்கும். பிள்ளைகள் அதன் மேல் ஏறி விளையாடுவார்கள், அங்கிருந்து சறுக்கினால் நேரே சக்கரத்தடியில். நடைபாதையில் பின்னே தள்ளி நிற்க இடமுள்ள நிறுத்தமாக இருக்க வேண்டும்.

அன்புவழிபுரம் தம்பி

6ஆம் தரத்துக் கணக்கு எனக்குத் தெரியாது அண்ணா, நன்றி. பனி கூடினால் பள்ளிக்கூடம் திறந்திருக்கும், பஸ் மட்டும் ஓடாது. அந்த நாளுக்கு யார் கூட்டிப் போவது என்று முன்பே பேசி வையுங்கள். எங்களுக்கு மேல்வீட்டுக்காரர்தான் உதவி.

நிலாவெளி அம்மா

மகனை நோர்த் யோர்க்குக்கு விட்டால், அக்கா வீட்டுக்காரர் தினமும் எங்கள் பக்கத்தால்தான் வேலைக்குப் போகிறார். காரில் ஏற்றிக்கொள்வார். எண்ணெய்க்காசு கொடுக்கலாமா? சில நாள் மகளையும் அவரே விடுவார்.

மாக்கம் வீதி சாரதி

மகளுக்கு எத்தனை வயது? 7 என்றால் பூஸ்டர் இருக்கை கட்டாயம். எட்டு வயதாகும் வரை, அல்லது 36 கிலோ எடையோ 145 சென்ரிமீற்றர் உயரமோ எட்டும் வரை. கார் யாருடையது என்பது பொருட்டில்லை. அவரிடம் இருக்கை இல்லாவிட்டால் நீங்களே ஒன்று வாங்கி அந்தக் காரில் வைத்துவிடுங்கள்.

காரில் ஏறும் இடம் கடைத்தொகுதியின் வாகனத் தரிப்பிடமாக இருக்க வேண்டாம். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள், வசதியும் அதுதான். ஆனால் அங்கே கார்கள் பின்னோக்கி எடுக்கும், மாரிகாலக் காலையில் இருட்டாகவும் இருக்கும். உங்கள் தெருவிலேயே நடைபாதை ஓரமாக, காரின் வலப்பக்கக் கதவால் ஏற்றுங்கள்.

காசைப் பற்றி: உறவுக்குள் எண்ணெய்ச் செலவைப் பகிர்வது ஒன்று, மாதக்கட்டணம் வாங்கி நாலைந்து பிள்ளைகளை ஏற்றுவது வேறு. இரண்டாவதில் விபத்து நேர்ந்தால் காப்புறுதி மறுக்கப்படக்கூடும். முதல் வகைக்கும் அவருடைய காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வைக்கட்டும்.

லண்டன் மாமா

இவ்வளவு பாடுபட்டு 15 கிலோமீற்றர் எதற்கு? மகன் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகட்டுமே. 2 கிலோமீற்றர் ஒரு தூரமா? நாங்கள் நடக்கவில்லையா?

நிலாவெளி அம்மா

அதைத்தான் இவரும் சொல்கிறார் மாமா. பக்கத்துப் பள்ளிக்கூடம் என்றால் மகன் ரி.ரி.சி.யிலும் போகலாம், 12 வயதுதான், காசும் இல்லை. ஆனால் மாலையில் தங்கையை நிறுத்தத்தில் எடுக்க அவன் வந்து சேர்ந்துவிடுவானா? எனக்கு வேலை நேரம் இன்னும் தெரியாது.

மாக்கம் வீதி சாரதி

மழலை வகுப்புப் பிள்ளை என்றால் பொறுப்பான ஒருவர் நிறுத்தத்தில் இல்லாமல் இறக்க மாட்டார்கள், திரும்பப் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுபோவார்கள். 2ஆம் தரத்துக்கு அந்தக் கண்டிப்பு பொதுவாக இல்லை. அதனால்தான் சொல்கிறேன், மகன் வந்து சேரும் நேரத்தையும் பஸ் நேரத்தையும் பார்த்த பிறகே முடிவெடுங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் பள்ளிக்கூடம் விட்ட பிறகு நடக்கும் பராமரிப்பு வகுப்பில் இடம் கேளுங்கள். ஓகஸ்ட் முடிவதற்குள் கேட்டால் நல்லது, இடம் சீக்கிரம் நிரம்பிவிடும்.