புதுப்பிப்பு: பேக்கரி நோட்டீஸை வெட்டிய கதை

என் பழைய கேள்வி: "ஒரு பேக்கரிக்கு நோட்டீஸ் எழுதுகிறேன். அலங்காரச் சொற்களை வெட்டினால் ஒன்றுமே மிஞ்சவில்லை. எதை வைத்து எழுதுவது?"

உதவிய எல்லோருக்கும் நன்றி. அடைமொழிகளை மட்டும் எடுக்கச் சொன்னது பாதிதான் உதவியது. 'அமுதச் சுவையின் ஆலயம்' போய் 'சுவையின் ஆலயம்' நின்றது. எழுத்துருவை மாற்றச் சொன்னவர் கேள்வியையே படிக்கவில்லை போல.

பலித்தது, "கடைக்காரர் பேசுவதைக் கேட்டு எழுதுங்கள்" என்ற யோசனை. கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றேன். சூடான ரொட்டியை நறுக்கித் தரச் சொன்னார் ஒருவர். "இப்பவே வெட்டினா உள்ளே பிசுபிசுன்னு ஒட்டும். ஆறட்டும், ஒரு மணி நேரம் கழிச்சு வாங்க" என்றார் கடைக்கார அம்மா. அப்படியே தலைப்பாக்கினேன். கூடவே ரொட்டி அடுப்பிலிருந்து இறங்கும் நேரம், அவ்வளவுதான்.

எதிர்பாராதது: அந்த அம்மாவுக்கே பிடிக்கவில்லை. "நோட்டீஸ் மாதிரியே இல்லையே!" மகன் சிரித்தார்: "அம்மா, இது நீங்க பேசுறதுதான்." சரி, அச்சுக்குப் போகலாம் என்றார் அம்மா. அப்புறமும் 'ஆலயம்' ஓரமாகச் சின்னதாக இருக்கட்டுமாம், பேசிக்கொண்டிருக்கிறோம்.