ஸ்பானிஷ் ‘-ரியா’ வடிவத்துக்குத் தமிழ்ப் பேர்: ‘நிபந்தனைக் காலம்’ சரிவருமா?

சேது எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஸ்பானிஷ் வினை அட்டவணைக்கு தமிழ்த் தலைப்பு போட்டுட்டு இருக்கேன், நிகழ்காலம் எதிர்காலம் எல்லாம் சிக்கல் இல்லாம போச்சு, போத்ரியா, குஸ்தாரியா, தெந்த்ரியா வர்ற பத்திக்கு வந்து நின்னுட்டேன். ஸ்பானிஷ்ல அதுக்கு கொந்திசியொனால்னு பேரு, இங்கிலீஷ்ல கண்டிஷனல், அதனால ‘நிபந்தனைக் காலம்’னு போட்டிருக்கேன். யாருக்காவது ஆட்சேபணை இருந்தா இந்த வாரத்துக்குள்ள சொல்லுங்க, இல்லன்னா அப்படியே விட்டுடறேன்.

பாலாஜி எழுதியது:

ஆட்சேபணை இல்ல சேது. ஆனா இவ்ளோ யோசிக்கவே வேணாம். இங்கிலீஷ்ல எங்கெல்லாம் ‘வுட்’ வருதோ அங்கெல்லாம் ஸ்பானிஷ்ல ரியா, அவ்ளோதான் விஷயம். ஐ வுட் கோன்னா இரியா, ஐ வுட் ஈட்னா கொமெரியா. நான் இந்த ஒரு ரூலை வச்சே ரெண்டு லெவல் பாஸ் பண்ணேன். ‘வுட் வடிவம்’னு போட்டாலே நம்மாளுங்களுக்கு புரிஞ்சிடும்.

மீனாட்சி எழுதியது:

சேது, எனக்கு ஆட்சேபணை இருக்குப்பா. இத்தனை வருஷம் இதை வகுப்புல சொல்லிக் குடுத்ததுல பசங்க ஒரே இடத்துலதான் விழறாங்க, அந்தக் குழியை வெட்டறதே இந்தப் பேர்தான்னு எனக்கு சந்தேகம்.

தமிழ்ல நிபந்தனைன்னா எது? ‘பணம் இருந்தா’ங்கற பாதிதானே. நிபந்தனை எச்சம்னு நாம சொல்றது அந்த ‘-ஆல்’ வடிவத்தைத்தான், நன்னூல்ல ‘செயின்’ வாய்பாடுன்னு வர்றதும் அதேதான். ஸ்பானிஷ்ல ரியா அந்தப் பாதியில வரவே கூடாது, அடுத்த பாதியில, ‘போவேன்’ங்கற இடத்துல வரணும். சி துவியேரா தினேரோ, இரியா அல் பெரு. பணம் இருந்தா பெருவுக்குப் போவேன். ‘இருந்தா’வுக்கு துவியேரா, ‘போவேன்’க்கு இரியா. பேர்ல நிபந்தனைன்னு இருக்கறதைப் பாத்துட்டு பையன் நேரா நிபந்தனைப் பாதியில கொண்டுபோய் ஒட்டி ‘சி தெந்த்ரியா தினேரோ’ன்னு எழுதிட்டு வர்றான், அவனைத் திட்டவும் முடியல, நாம குடுத்த பேரை நம்பித்தானே எழுதினான்.

இன்னொண்ணு. நம்ம ‘பணம் இருந்தா போவேன்’ங்கற ஒரே வாக்கியத்துல ரெண்டு அர்த்தம் அடங்கிடுது. அடுத்த மாசம் போனஸ் வரலாம், வந்தா போவேன், இது நடக்கக்கூடியது, ஸ்பானிஷ்ல சி தெங்கோ தினேரோ, இரே. கையில காசே இல்ல, சும்மா கனவு, அப்ப சி துவியேரா, இரியா. தமிழ்ல ரெண்டுக்கும் வினை மாறாது, குரலை வச்சோ ‘மட்டும்’ சேத்தோதான் காட்டுவோம், ‘பணம் மட்டும் இருந்துச்சுன்னா’ன்னு இழுப்போம் இல்லையா. ஸ்பானிஷ்ல ரெண்டு வினையும் மாறியாகணும். அதனால பேரு எந்தப் பாதியைக் காட்டுதுங்கறது நமக்கு முக்கியம்.

பாலாஜி தம்பி, உங்க ரூல் பாதி தூரம் வரும். ‘வென் ஐ வாஸ் அ சைல்ட், வீ வுட் கோ டு த ரிவர்’, இதை ரியால போடுங்க பாப்போம்.

பாலாஜி எழுதியது:

இரியாமோஸ் அல் ரியோ. ஏன், சரிதானே?

மீனாட்சி எழுதியது:

இல்லப்பா, இபாமோஸ் அல் ரியோ. பழைய பழக்கத்தைச் சொல்ற ‘வுட்’டுக்கு ஸ்பானிஷ்ல இம்பெர்ஃபெக்டோதான். இரியாமோஸ்னு சொன்னா கேக்கறவர் ‘எப்ப, என்ன நடந்திருந்தா போவீங்க?’ன்னு மீதி வாக்கியத்துக்குக் காத்திட்டிருப்பார். இதுல தமிழும் நம்மளைக் கவுக்குது, ‘சின்ன வயசுல ஆத்துக்குப் போவோம்’னு நாமளும் எதிர்கால வடிவத்துலதான் சொல்றோம், ஆக ரெண்டு மொழியும் சேந்து ஒரே தப்புக்குத் தள்ளுது. அப்புறம் ‘ஹி வுட் நாட் ஓபன் த டோர்’, அவன் கதவைத் திறக்க மாட்டேன்னுட்டான், அதுக்கு நோ கிசோ அப்ரிர். அங்கயும் ரியா கிடையாது.

திருப்பியும் பாருங்க, ரியா இருக்கும், வுட் இருக்காது. செரியான் லாஸ் தியெஸ் குவாந்தோ யெகோ. ‘அவன் வந்தப்ப பத்து மணி இருக்கும்.’ இங்கிலீஷ்காரர் மஸ்ட் ஹேவ் பீன்னு சுத்திவளைப்பார், தமிழ்ல ஒரு ‘இருக்கும்’ போதும். தமிழ்ப் பிள்ளைங்க இங்கிலீஷ் வழியா போகாம நேரா வந்தா சுலபமாப் பிடிக்கற இடம் இது.

ஜெனிஃபர் எழுதியது:

சாரி, நான் புதுசு. அடுத்த மாசம் மாத்ரித் போறேன், எனக்கு டேர்ம் எல்லாம் வேணாம், ஹோட்டல்ல மரியாதையா காபி கேக்க எதைச் சொல்லணும்? ஐ வுட் லைக் அ காபி, மெ குஸ்தாரியா உன் கஃபே, இது போதுமா?

மீனாட்சி எழுதியது:

புரியும்மா, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. ஆனா அங்க கடையில சாதாரணமா நிகழ்காலத்துலயே கேள்வியாக் கேப்பாங்க, மெ போனெ உன் கஃபே, போர் ஃபவோர். இன்னும் கொஞ்சம் தணிவா வேணும்னா கெரியா உன் கஃபே, இல்ல கிசியேரா. கெரியா இறந்தகாலம், கிசியேரா துவியேரா இனம், ரெண்டுமே ரியா இல்ல. விருப்பத்துக்கான நிஜ ரியா வடிவம் கெர்ரியா, ர-வை அழுத்தி உருட்டணும், அது கெரியாவோட காதுல குழம்பிடும், காபி கேக்கறப்ப அதை அவ்வளவா யாரும் சொல்றதில்ல.

ரியா நிஜமா வேலை செய்யறது உதவி கேக்கற இடத்துல. மெ போத்ரியா அயுதார், எனக்கு உதவ முடியுமா. லெ இம்போர்தாரியா அப்ரிர் லா வெந்தானா, ஜன்னலைத் திறந்தா உங்களுக்கு ஒண்ணும் இல்லையே. வயசுக்காரங்ககிட்ட போத்ரியா, பழகினவங்ககிட்ட போத்ரியாஸ். கவனிச்சியா, ‘வுட் யூ ஓபன்’ல வுட் திறக்கற வினைமேலயே உக்காருது, ஸ்பானிஷ்ல அப்ரிரியான்னு நேரா கேக்கறது அரிது, ‘முடியுமா’ மேலயோ ‘பரவாயில்லையா’ மேலயோ ரியாவை ஏத்திட்டு திறக்கறதை மூல வடிவத்துல விட்டுடுவாங்க. நம்ம ‘திறக்க முடியுமா’வும் அதே அமைப்புதான், அதனால தமிழ்லருந்து போனா வாக்கியம் தானா வந்துடும்.

அருள் எழுதியது:

மேடம் சொன்ன சி தெந்த்ரியா பத்தி. நான் பில்பாவோல வேலை பாக்கறேன், எங்க ஆபீஸ்ல பாதிப் பேர் அப்படித்தான் பேசறாங்க, ‘சி தெந்த்ரியா தியெம்போ’ன்னு, அவங்க ஊர்க்காரங்க, படிச்சவங்க. அப்ப அது எப்படி தப்பு? நானும் அப்படியே பேசிப் பழகிட்டேன், போன மாசம் செவியாலேருந்து வந்தவர் ஒருத்தர் என்னைத் திருத்தினார், ஆபீஸ்ல அதுக்கே ஒரு சண்டை.

மீனாட்சி எழுதியது:

அருள், நீங்க கேட்டது உண்மைதான். பாஸ்க் நாடு, நவார்ரா, லா ரியோஹா, புர்கோஸ் பக்கம் எல்லாம் அந்தப் பேச்சு வழக்கு உண்டு. ஊர் வழக்குன்னு பாத்தா அதுக்கும் ஒரு ஒழுங்கு இருக்கு, ஆனா எழுத்துலயும் பரீட்சையிலயும் அது ஒத்துக்கப்படாது. ஒரே ஒரு சி-க்குப் பின்னால மட்டும் ரியா எங்கயும் சரி: நோ செ சி வெந்த்ரியா, ‘அவன் வருவானான்னு தெரியல’. அந்த சி நம்ம ‘-ஆன்னு’, ‘-ஆல்’ இல்ல.

சேது எழுதியது:

மேடம், நிபந்தனையை எடுத்துட்டேன். மாத்தா எதைப் போடலாம்? ‘விளைவு வினை’ன்னு யோசிச்சேன், பணம் இருந்தா என்ன ஆகும்ங்கற விளைவைச் சொல்ற பாதிதானே ரியா. சரியான பாதியைக் காட்டுது.

கதிர் எழுதியது:

கற்பனைக்கு விளைவு பொருந்துது, சரி. போத்ரியாவுல என்ன விளைவு? ‘பத்து மணி இருக்கும்’ல என்ன விளைவு? மூணுல ஒண்ணைத்தான் பிடிச்சிருக்கீங்க.

வடிவத்தைப் பாத்தா விடை அதுலயே இருக்கு. எதிர்காலத்துக்கு எது அடியோ அதேதான் ரியாவுக்கும், தெந்த்ரே தெந்த்ரியா, போத்ரே போத்ரியா, ஆரே ஆரியா, ஒழுங்கில்லாத வினையிலகூட ரெண்டும் சேந்தேதான் மாறும். விகுதி மட்டும் இறந்தகாலத்தோடது, கொமியாவுல வர்ற அதே இயா. லத்தீன்ல ‘பாட இருக்கேன்’ங்கற கூட்டு எதிர்காலமாச்சு, ‘பாட இருந்தேன்’ங்கற கூட்டு இந்த ரியாவாச்சு. தமிழ்லயே சொல்லிப் பாருங்க, ‘வர இருந்தான்’, தீஹோ கே வெந்த்ரியா, ‘வருவேன்னு சொன்னான்’, அச்சு அசல் அது. இந்த ஒரு இடத்துல பாலாஜியோட வுட் ரூலும் ஜெயிக்குது, ஹி செட் ஹி வுட் கம்.

ஆந்த்ரெஸ் பெய்யோ 1847ல சாந்தியாகோவுல போட்ட இலக்கணத்துல இதுக்கு போஸ்ப்ரெத்தேரித்தோன்னு பேர் வச்சார், இறந்ததுக்குப் பின்னால வர்றதுன்னு. மெக்சிகோ பள்ளிக்கூடங்கள்ல இன்னும் அந்தப் பேர்தான். அகாதெமி ரொம்ப நாள் இதைத் தனி மோதோவா வச்சு பொதென்சியால்னு சொல்லிட்டு, 1973 வரைவுலதான் கொந்திசியொனால்னு மாத்திச்சு. ஆக அவங்களே பேர் விஷயத்துல ஒண்ணா இல்ல, நாம ஏன் கண்டிஷனைக் கட்டிட்டு அழணும். என் ஓட்டு ‘இறந்தகால எதிர்வு’.

மீனாட்சி எழுதியது:

கதிர், வரலாறு சரி. ஆனா பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ‘இறந்தகால எதிர்வு’ன்னு தலைப்பு போட்டுட்டு கீழ ‘உதவ முடியுமா?’ன்னு உதாரணம் குடுத்தா, இதுல இறந்தது எங்கம்மான்னு கேக்கும்.

மூணையும் கட்டற நூல் தூரம்னு எனக்குத் தோணுது. இறந்தகால விகுதி இங்க காலத்தைக் காட்டல, தள்ளி நிக்கறதைக் காட்டுது. நிஜத்துலருந்து தள்ளினா கற்பனை, எதிர்ல இருக்கறவர்கிட்டருந்து தள்ளினா பணிவு, இப்பத்துலருந்து தள்ளினா ‘வருவேன்னு சொன்னான்’. நாமளும் செய்யறதுதான் இது, ‘உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாம்னு வந்தேன்’னு சொல்றப்ப வந்து எதிர்ல நின்னுட்டுதானே இருக்கோம், இருந்தும் இறந்தகாலம், நேரா முகத்துல போட்டுக் கேக்காம இருக்கத்தானே. அதனால ‘விலகு எதிர்காலம்’.

பாலாஜி எழுதியது:

விலகு எதிர்காலம்னா ராஜினாமா கடுதாசி மாதிரி இருக்கு மேடம் 😀 ‘தள்ளிய எதிர்காலம்’?

கதிர் எழுதியது:

தள்ளியன்னா ஒத்திப்போட்டதுன்னு ஆயிடும். அதுக்கு விலகே தேவலை. ஆனா நான் எதிர்வுலயேதான் நிக்கறேன், பேர் வடிவத்தைச் சொல்லணும், பயனை உதாரணம் சொல்லிக்கட்டும்.

சேது எழுதியது:

இப்போதைக்கு தலைப்புல ‘ரியா வடிவம் (விலகு எதிர்காலம்)’னு போட்டு, கீழ ‘நிபந்தனை சி-க்கு அடுத்து வராது, மறுபாதியில வரும்’னு ஒரு வரி சேக்கறேன். கதிரோட பேரை அடிக்குறிப்புல வைக்கறேன். வேற யாராவது நல்லதா சொன்னா மாத்திக்கலாம்.

அருள் எழுதியது:

சரி, ஆனா அடுத்த பத்தியில அப்ரியா இதோ வருதே, ‘போயிருப்பேன்’. அதை ‘விலகு எதிர்கால முற்று’ன்னா சொல்லுவீங்க? ‘முற்று’ன்னா நமக்கு வினைமுற்றுன்னு வேற அர்த்தம் இருக்கே. தவிர இங்க எல்லாரும் அதுக்கு உபியேரா இதோன்னும் சொல்றாங்க, ரெண்டு பாதியிலயும், இதுவும் பில்பாவோ வழக்கா?

மீனாட்சி எழுதியது:

இல்லப்பா, உபியேரா எல்லா ஊர்லயும் சரி. சி உபியேரா தெனிதோ தினேரோ, உபியேரா இதோ, ‘பணம் இருந்திருந்தா போயிருப்பேன்’, யாரும் திருத்த மாட்டாங்க. முற்றுக்கு மட்டும் வேற சொல் தேடணும், ஞாயித்துக்கிழமை உக்காந்து யோசிக்கறேன்.