‘பைலட்’ கடிதத்திற்கு என்ன பெயர்? வெள்ளோட்டமா, முன்னோடியா, சோதனையா?

மொழிபெயர்ப்பாளர், கடலூர்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். புதுச்சேரியில் எடைக்கருவி செய்யும் ஒரு சிறு நிறுவனம், பண்ருட்டி முந்திரி ஆலை உரிமையாளர் ஒருவருக்கு அனுப்பவுள்ள மின்னஞ்சலைத் தமிழில் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டிருக்கிறது. நாளை நண்பகலுக்குள் கொடுத்தாக வேண்டும். பருப்புத் தோலுரிக்கும் பெண்களின் கூடையை நிறுத்து, அவரவர் பெயரில் எடைச்சீட்டு அச்சிட்டு, சனிக்கிழமைக் கூலிக் கணக்கையும் போட்டுக் கொடுக்கும் கருவி அது. உரிமையாளர் அதைப் பார்த்துவிட்டு, “யோசித்துச் சொல்கிறேன்” என்று சொன்னவர் இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கிறார். ஆகவே விலைக்கு வாங்கச் சொல்லாமல், ஒரே ஒரு கொட்டகையில் நான்கு வாரம் வைத்துப் பார்க்கும்படி அழைப்பதே கடிதத்தின் நோக்கம். ஆங்கிலத்தில் ‘பைலட்’ என்று இருப்பதை நான் ‘சோதனைத் திட்டம்’ என்று எழுதிவிட்டேன். ஆனால் மனம் ஒப்பவில்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், புதுச்சேரி

ஒப்பாததே நன்று. துறைமுகத்திற்குள் கப்பலை வழிநடத்தி வருபவனைக் குறித்த சொல் அது. நம்மிடம் மீகாமன் இருக்கிறான். ‘மீகாமத் திட்டம்’ என்றால் யாருக்கும் விளங்காது என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘வெள்ளோட்டம்’ என்ற சொல்லை விட்டுவிட்டு ஏன் வெளியே தேட வேண்டும்? புதுத் தேர் செய்தால் திருவிழாவிற்கு முன் அதை இழுத்துப் பார்ப்பதற்கு அதுதான் பெயர். வில்லியனூர்த் தேரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ‘வெள்’ என்பதற்கு வெறுமை என்ற பொருளும் உண்டு. அறிவின்மையை வெள்ளறிவு என்கிறோம் அல்லவா? ஆகவே சுமையின்றி ஓடும் ஓட்டம் வெள்ளோட்டம் என்பது என் துணிபு. வெள்ளிடை, வெள்ளிலை பற்றியும் எழுத நிறைய இருக்கிறது.

விற்பனைப் பணியில் இருப்பவர், புதுச்சேரி

ஐயாவின் சொல் அழகானது. ஆனால் அவருடைய விளக்கமே அதற்கு எதிராக நிற்கிறது. வெள்ளோட்டத்தில் சாமி தேரில் ஏறுவதில்லை. இங்கே உண்மையான பருப்பு நிறுக்கப்படுகிறது, உண்மையான கூலி கொடுக்கப்படுகிறது. வெறுமையாக ஓட்டிக் காட்டுவதை அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டார், அதனால்தான் தயங்குகிறார். அதே சமயம் ‘சோதனை’ என்ற சொல்லைத் தலைப்பிலிருந்து உடனே எடுத்துவிடுங்கள். ஒரு வணிகருக்கு வரும் அஞ்சலின் தலைப்பில் அந்தச் சொல் இருந்தால் அவருக்கு முதலில் நினைவுக்கு வருவது வருமான வரித் துறைதான்.

பெயரைக் காட்டிலும் என்னை உறுத்துவது வேறொன்று. தயங்குபவர் எதற்குத் தயங்குகிறார் என்பதைக் கடிதம் முதல் பத்தியிலேயே சொல்ல வேண்டும். தொழிலாளர்கள் முரண்டு பிடிப்பார்களோ, மின்சாரம் போனால் வேலை நின்றுவிடுமோ, தன் கணக்கு வெளியே போய்விடுமோ என்பனவாகவே அவருடைய அச்சங்கள் இருக்கும். கருவியை எங்கே வைப்பது என்ற எல்லை, எத்தனை நாள் என்ற காலம், பயன்பட்டதா என்று பார்க்கும் அளவுகோல் ஆகிய மூன்றும் இந்த அச்சங்களுக்கு விடையாக அமைய வேண்டும்; இல்லையென்றால் அவை வெறும் தலைப்புகளாகவே நின்றுவிடும்.

ஆலைக் கணக்கர், பண்ருட்டி

இங்கே எல்லோரும் ‘டிரையல்’ என்றுதான் சொல்கிறோம். முதலாளிக்குப் புரிகிற சொல்லை விட்டுவிட்டு நீங்கள் எதற்குச் சண்டை போடுகிறீர்கள் என்று தெரியவில்லை. காலக்கெடுவும் வேண்டாம், “உங்களுக்குப் பிடிக்கும் வரை இலவசமாக வைத்துக்கொள்ளுங்கள்” என்று எழுதினால் தயக்கம் தானே தீரும். கருவியினால் முழுப்பருப்பு அதிகமாகக் கிடைக்கும், உடைசல் குறையும் என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். முதலாளிகள் கேட்பது அதைத்தான்.

பனிக்கட்டி ஆலை நடத்துபவர், கடலூர் முதுநகர்

பிடிக்கும் வரை என்று சொல்லித்தான் எங்கள் ஆலையில் ஒருவர் வெப்பநிலை காட்டும் கருவியைப் பொருத்திவிட்டுப் போனார். எது நடந்தால் அது பயன்பட்டதாகக் கொள்வது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சில மாதங்கள் சுவரில் தொங்கியது. பின்பு ஒருநாள் விலைச்சீட்டு வந்தது. நாங்கள் மறுத்தோம், மனக்கசப்புதான் மிச்சம். ஆகவே என் கேள்வி இதுதான்: முடிவில் கருவியைக் கழற்றிக்கொண்டு போவது யார் பொறுப்பு? அதைச் சொல்லும் தமிழ்ச் சொல் எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

விற்பனைப் பணியில் இருப்பவர், புதுச்சேரி

அம்மா கேட்டது கடிதத்தின் உயிர்நிலையான கேள்வி. கணக்கர் சொல்வதில் பாதி சரி. இலவசம் என்பது தயக்கத்தைக் குறைக்கும். ஆனால் முடிவுத் தேதி இல்லாத இலவசம் கடைசியில் முடிவெடுக்காமல் இருப்பதற்கான வசதியாகிவிடும். முழுப்பருப்பு பற்றிய வரியை மட்டும் சேர்க்கவே கூடாது. பருப்பு உடைவது வறுப்பையும் உலர்த்தலையும் கைப்பழக்கத்தையும் பொறுத்தது; எடைக்கருவிக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. ஈரக்காற்று வீசும் வாரத்தில் தோல் ஒட்டிக்கொள்ளும், உரிக்கும் வேகமும் குறையும். முதல் வாரம் வெயிலும் அடுத்த வாரம் மழையும் வந்துவிட்டால் நம் கருவியால்தான் வேலை குறைந்தது என்று ஆகிவிடும். கருவி எதை மாற்ற முடியுமோ அதை மட்டும் அளக்க வேண்டும்: சனிக்கிழமை கூலிக் கணக்கு முடிய ஆகும் நேரமும், கூலி வாங்கிய பிறகு “என் எடை தவறு” என்று வருபவர்களின் எண்ணிக்கையும்.

இந்த இரண்டையும் முதல் வாரம் பழைய நோட்டிலேயே அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். அது இல்லாவிட்டால், முன்பு எப்படி இருந்தது என்பதில் நான்காம் வாரம் இரு தரப்பும் இரண்டு விதமாகப் பேசும். தீபாவளியை ஒட்டிய வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். போனஸ் கணக்கு உள்ளே நுழைந்தால் எந்த ஒப்பீடும் நிற்காது.

மொழிபெயர்ப்பாளர், கடலூர்

நிறுவனத்தாரிடம் தொலைபேசியில் பேசி, நடுப்பகுதியை இவ்வாறு மாற்றியிருக்கிறேன்:

“தங்கள் மூன்று கொட்டகைகளில் ஒன்றில், 20 பேர் தோலுரிக்கும் பகுதியில் மட்டும் கருவியை வைக்கிறோம், தரம் பிரித்தலையும் பொதி கட்டுதலையும் தொடமாட்டோம். முதல் வாரம் பழைய நோட்டு மட்டும் இருக்கும். அடுத்த மூன்று வாரங்கள் நோட்டும் கருவியும் சேர்ந்து நடக்கும். மின்சாரம் நின்றால் அன்று நோட்டே கணக்கு. பதிவுகள் தங்கள் ஆலையிலுள்ள கருவியிலேயே இருக்கும். தாங்கள் தர வேண்டியவை ஒரு மேசை, ஒரு மின் இணைப்பு, தங்கள் கணக்கரின் நேரத்தில் நாளுக்கு அரை மணி. கூலிக் கணக்கு நேரம் முதல் வாரத்தில் பதிவானதில் பாதிக்குக் கீழே வர வேண்டும். எடை பற்றிய முறையீடுகளும் குறைய வேண்டும். இரண்டில் ஒன்று நிறைவேறாவிட்டாலும், எங்கள் செலவில் 29ஆம் நாள் கருவியை எடுத்துக்கொள்வோம். நிறைவேறினால், அன்றே தாங்களும் நாங்களும் அமர்ந்து, இத்துடன் இணைத்துள்ள விலையில் தொடர்வதா வேண்டாமா என்று முடிவு செய்வோம்.”

தலைப்பில் ‘நான்கு வார வெள்ளோட்டம்: ஒரு கொட்டகை மட்டும்’ என்று போடலாமா?

விற்பனைப் பணியில் இருப்பவர், புதுச்சேரி

கடிதம் போகலாம். கூலிக்காக நிறுக்கும் தராசு என்பதால் அது முத்திரையிடப்பட்டது என்ற ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தொழிலாளர்கள் முதலில் கேட்பது அதுவாக இருக்கும். சாமி ஏறாத தேர் என்ற என் மறுப்பு அப்படியே இருக்கிறது. ஆனால் ‘முன்னோடித் திட்டம்’ அரசு அறிக்கை போல ஒலிப்பதால் வேறு வழி இல்லை.

ஆலைக் கணக்கர், பண்ருட்டி

பாதி நேரம் என்பது நடக்கிற காரியம்தான். ஆனால் அந்த அரை மணி என் தலையில்தானே விழும்? அதைக் கடிதம் போவதற்கு முன் எங்கள் தரப்புக் கணக்கர்களிடம் யாராவது கேட்டிருக்கலாம். சொல்லைப் பொறுத்தவரை, முதலாளி வெள்ளோட்டம் என்று படித்துவிட்டு என்னிடம் “டிரையல்தானே?” என்றுதான் கேட்பார்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், புதுச்சேரி

கேட்கட்டும், விடையும் ‘ஆம்’ என்பதுதானே! ‘வெற்றி அளவுகோல்’ என்று கடிதத்தில் எங்கும் வராதது நல்லது, யாருடைய வெற்றி என்ற கேள்வி எழும். ‘தேறும் அளவு’ என்று ஒரு சொல்லைப் பரிந்துரைக்கிறேன். தேர், தேர்தல், தேறுதல் ஆகியவற்றின் உறவைப் பற்றித் தனி மடலாக இன்றிரவு எழுதுகிறேன்.

மொழிபெயர்ப்பாளர், கடலூர்

முத்திரை வரியைச் சேர்த்துவிட்டேன். அரை மணி நேரத்தைப் பற்றி உரிமையாளர் தம் கணக்கரிடம் முன்பே பேசிக்கொள்ளுமாறும் ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறேன். தலைப்பு வெள்ளோட்டம்தான். ‘தேறும் அளவு’ இந்தக் கடிதத்தில் இல்லை, ஐயா பொறுத்தருள வேண்டும்.