சொந்த வண்டியா, வாடகை வண்டியா: கிலோமீட்டர் கணக்கில் நான் ஏமாந்த கதை

சரக்குக்காரன்

கடைகளுக்கு லோடு அனுப்ப சொந்தமாக வண்டி வைத்திருப்பவர்கள், வாடகைக்கு எடுப்பவர்கள், இரண்டையும் பார்த்தவர்கள் எல்லோரும் அவரவர் அனுபவத்தைச் சொல்லுங்கள். முதலில் என்னுடையது.

எங்களிடம் ஒரே மாதிரியான மூன்று சின்ன லாரிகள் இருந்தன. வாங்கும்போது போட்ட கணக்கு எளிமையானது. பணத்தில் சொன்னால் ஆளாளுக்கு மாறும் என்பதால், ஒரு கிலோமீட்டர் ஓட ஆகும் டீசல் செலவை 1 பங்கு என்று வைத்துச் சொல்கிறேன். டயர், ஆயில், சர்வீஸ் சேர்த்து ஓட்டச் செலவு கிலோமீட்டருக்கு 1.4 பங்கு. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதம் 3,600 பங்கு போய்விடும்: டிரைவர் சம்பளம், கடன் வட்டி, தேய்மானம், காப்பீடு, நிறுத்துமிடம். வாடகை வண்டிக்காரர் கேட்டது கிலோமீட்டருக்கு 3 பங்கு. ஆக மாதம் 2,250 கிலோமீட்டருக்கு மேல் ஓடினால் சொந்த வண்டி லாபம். நாங்கள் 3,000 ஓடும் என்று நம்பி வாங்கினோம்.

ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் மூன்று வண்டியும் சேர்ந்தே மாதம் 5,500 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தன. மொத்தச் செலவு 18,500 பங்கு. வகுத்தால் கிலோமீட்டருக்கு 3.36. வாடகையோ 3. முதலாளி அந்தத் தாளைப் பார்த்துவிட்டு “மூன்றையும் தள்ளிவிடு” என்றார். குறிப்பாக ஊருக்குள் சுற்றும் முதல் வண்டி மேல்தான் அவருக்குக் கோபம். அது மாதம் 1,100 கிலோமீட்டர்தான் ஓடியது, கிலோமீட்டருக்கு 4.67 பங்கு தின்றது.

வண்டி விலை பேச ஆள் வரச் சொன்ன பிறகுதான் ஒரு யோசனை வந்தது. இதே மாதத்தை வாடகை வண்டியில் ஓட்டியிருந்தால் எவ்வளவு பில் வந்திருக்கும்? ட்ரிப் ஷீட்டை எடுத்துவைத்து நாள் நாளாக எழுதினேன். ஊர் வண்டி 25 நாள் வெளியே போயிருந்தது, நாளுக்கு 44 கிலோமீட்டர், பதினைந்து கடைகள். வாடகைக்காரர் அதற்கு 44 கிலோமீட்டர் பில் போடமாட்டார். நாளுக்குக் குறைந்தபட்சம் 80 கிலோமீட்டர் என்பது அவர் கண்டிஷன். அதாவது நாளுக்கு 240 பங்கு, மாதம் 6,000. என் வண்டிக்கு ஆன செலவு 5,140. முதலாளி முதலில் விற்கச் சொன்ன வண்டிதான் எங்களுக்கு 860 பங்கு மிச்சப்படுத்திக்கொண்டிருந்தது!

இரண்டாவது வண்டி வெளியூர் லைன், 3,000 கிலோமீட்டர். சொந்தச் செலவு 7,800, வாடகையில் 9,000. அதிலும் பழுதில்லை. மூன்றாவதுதான் ஓட்டை. அதுவும் வெளியூர்தான், ஆனால் மாதம் 11 நாள்தான் வேலை, 1,400 கிலோமீட்டர். சொந்தச் செலவு 5,560. வாடகைக்கு எடுத்திருந்தால் 4,200.

மூன்றையும் விற்றிருந்தால் வாடகை 19,200 ஆகியிருக்கும், அதாவது இப்போதைய செலவைவிட 700 அதிகம். மூன்றாவதை மட்டும் விற்றோம், செலவு 17,140க்கு இறங்கியது. நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்த அந்த 3.36 இந்த மூன்றில் எந்த வண்டியைப் பற்றியும் உண்மை பேசவில்லை.

மைலேஜ்பிரியன்

கிலோமீட்டருக்கு 1 பங்கு டீசல் என்றால் லிட்டருக்கு எவ்வளவு தருகிறது? என் வண்டி லோடோடு நன்றாகவே தருகிறது. டயரில் காற்று குறைந்தால்தான் பிரச்சினை. எந்த மாடல் என்று சொன்னால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சரக்குக்காரன்

மாடல் முக்கியமில்லை நண்பரே. மூன்றும் ஒரே மாடல், மைலேஜும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியிருந்தும் ஒன்று 2.6, ஒன்று 4.67. வித்தியாசம் இன்ஜினில் இல்லை, வண்டி எத்தனை நாள் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதில் இருக்கிறது.

பழையலாரி

இவ்வளவு கணக்கு எதற்கு? கடன் முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுங்கள். கடன் முடிந்தால் வண்டி ஓசி. என்னிடம் இரண்டு வண்டி கடன் முடிந்து ஓடுகிறது, டீசலும் டிரைவர் சம்பளமும்தான் செலவு. வாடகைக்காரன் எவனாலும் அந்த விலைக்கு வரமுடியாது.

ஷெட்டுக்காரர்

நான் எதிர்ப்பக்கம், அதாவது வாடகைக்கு வண்டி விடுகிறவன். பழையலாரி சொல்வதில் பாதி சரி. வாங்கின விலை போனது போனதுதான், இன்று வண்டியை வைத்துக்கொள்வதா விற்பதா என்று யோசிக்கும்போது அதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. ஆனால் ஓசி இல்லை. இன்று விற்றால் கிடைக்கும் விலைக்கும் அடுத்த வருடம் விற்றால் கிடைக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் பையிலிருந்துதான் போகிறது. அதோடு பழைய வண்டி ஒர்க் ஷாப்பில் நிற்கும் நாட்கள் கூடும். அந்த நாளில் வேறு வண்டி எடுத்தீர்களே, அந்தப் பில்லை எந்தத் தலைப்பில் எழுதினீர்கள்? என்னைக் கூப்பிடுகிறவர்களில் பலர் “சில்லறைச் செலவு” என்று எழுதுகிறார்கள். வண்டியின் கணக்கில் அது ஏறுவதே இல்லை.

சரக்குக்காரன் கணக்கு பிடித்திருந்தது. நாங்கள் ஏன் 80 கிலோமீட்டர் கண்டிஷன் வைக்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கும் அதே 3,600 மாதச் செலவு, அதே 1.4 ஓட்டச் செலவு. ஆனால் என் வண்டி நாலைந்து பேருக்கு ஓடுவதால் மாதம் 4,500 கிலோமீட்டர் வருகிறது. அதில் 1,000 கிலோமீட்டர் காலியாகத் திரும்புவது, ஷெட்டிலிருந்து லோடு ஏற்றும் இடத்துக்குப் போவது என்று பில் போடமுடியாத ஓட்டம். ஆகச் செலவு 9,900, பில் போடுவது 3,500 கிலோமீட்டருக்கு. அடக்கம் 2.83. நான் 3 கேட்டால் கொள்ளை அடிப்பதாக நினைக்கிறார்கள். உங்கள் 44 கிலோமீட்டர் ட்ரிப்புக்கு அதே விலையில் வந்தால் காலை முதல் மாலை வரை என் வண்டி உங்களிடமே மாட்டிக்கொள்ளும், வேறு லோடு பிடிக்கமுடியாது. எங்கள் தொழிலில் நாளைத்தான் விற்கிறோம், பில்லில் மட்டும் கிலோமீட்டர் என்று எழுதுகிறோம்.

சரக்குக்காரன்

அப்படியானால் ஊர் வண்டிக்கு வரம்பை நாளில்தான் பார்க்கவேண்டும் என்கிறீர்கள். போட்டுப் பார்த்தேன். வாடகை நாளுக்கு 240, என் ஓட்டச் செலவு நாளுக்கு ஏறக்குறைய 62. ஒவ்வொரு நாளும் 178 மிச்சம். 3,600-ஐ அதால் வகுத்தால் 20 நாளுக்குச் சற்று மேல். மாதம் 21 நாள் வெளியே போனால் சொந்த வண்டி தாங்கும், 18 நாள் போனால் தாங்காது. இனி ஊர் வண்டிக்கு ஓடோமீட்டரைப் பார்க்கப்போவதில்லை, வருகைப் பதிவு மாதிரி நாளைத்தான் எண்ணப்போகிறேன்.

கிடங்குக்காரி

நாளும் ஏமாற்றும். எங்கள் வண்டி மாதம் 26 நாளும் வெளியேதான் இருந்தது. நூற்றுக்கு நூறு உபயோகம் என்று நானே ரிப்போர்ட் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒருநாள் டிரைவருக்குப் பதிலாக வேறு ஆளை அனுப்பவேண்டி வந்து நானும் கூடப் போனேன். ஒரு பெரிய வாடிக்கையாளர் வாசலில் பதினொரு மணிக்கு வரிசையில் நின்றோம், இறக்கி முடிக்க மூன்று. டிரைவர் ஸ்டியரிங்கில் தலை வைத்துத் தூங்குகிறார், நான் கதவோரம் உட்கார்ந்து பில்லை எண்ணுகிறேன். அதற்குள் மீதி ஆறு கடையில் மூன்று மூடிவிட்டன, அந்தச் சரக்கு அப்படியே திரும்பி வந்தது. மறுநாள் அதே சரக்குக்கு மறுபடி ஓட்டம். ஓடோமீட்டரில் கிலோமீட்டர் கூடியது, கிலோமீட்டருக்கு ஆகும் செலவு குறைந்தது, ரிப்போர்ட் இன்னும் அழகானது!

அதற்கப்புறம் நான் ஒரு கடைக்கு இறக்க எவ்வளவு ஆனது என்றும் எழுதுகிறேன். அந்த வாடிக்கையாளருக்கு மட்டும் வாடகை வண்டி. சொந்த வண்டி மற்ற கடைகளைச் சீக்கிரம் முடித்து மதியம் இரண்டாவது நடை போகிறது.

ஷெட்டுக்காரர்

அம்மா, அந்த வாசலுக்கு வந்தால் நான் காத்திருப்புக் கட்டணம் போடுவேன், அதையும் கணக்கில் வையுங்கள்.

கிடங்குக்காரி

போடுகிறார்கள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால். அந்தப் பில்லைக் காட்டித்தான் அவர்களிடம் இறக்கும் நேரம் முன்கூட்டிக் கேட்டு வாங்கினேன். சொந்த வண்டி நின்றபோது காட்ட எந்தத் தாளும் இல்லை.

பழையலாரி

சரி, ஓசி என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் சரக்குக்காரன் ஒன்றை மறைக்கிறார். மூன்றாவது வண்டியை விற்றீர்களே, சீசனில் என்ன செய்தீர்கள்? எல்லோருக்கும் ஒரே வாரத்தில் லோடு இருக்கும்போது வாடகை வண்டி போனையே எடுக்காது.

சரக்குக்காரன்

மறைக்கவில்லை, பட்ட பாடு இருக்கிறது. அந்த மாதம் வெளியூர் வேலை 1,800 கிலோமீட்டர் வந்தது, வாடகை சராசரியாக 3.8 ஆனது. 6,840 பங்கு கொடுத்தேன். வண்டி இருந்திருந்தால் 6,120-இல் முடிந்திருக்கும். 720 நஷ்டம். சாதாரண மாதத்தில் 1,360 மிச்சம் என்பதால் வருடக் கணக்கில் இன்னும் மேலேதான் இருக்கிறேன். ஆனால் அந்த வாரம் இரண்டு நாள் வண்டியே கிடைக்கவில்லை. காத்திருந்த வாடிக்கையாளர் வேறு இடத்தில் வாங்கிக்கொண்டார். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஷெட்டுக்காரர்

அதற்குத்தான் மாத ஒப்பந்தம் இருக்கிறது. மாதம் 4,000, மேலே கிலோமீட்டருக்கு 1.5. வண்டி உங்களுக்கே, பழுதானாலும் டிரைவர் வராவிட்டாலும் மாற்று வண்டி என் பொறுப்பு. 11 நாள் வேலைக்கு இது வேண்டாம், 6,100 ஆகும், சொந்த வண்டியைவிடக் கூட. ஊர் வண்டிக்கு யோசியுங்கள். 5,650 வரும்.

சரக்குக்காரன்

என் சொந்தச் செலவைவிட 510 கூட. ஆனால் போன மாதம் டிரைவர் சொல்லாமல் மூன்று நாள் லீவு போட்டபோது காலை ஆறு மணிக்கு நான் போன் செய்யாத ஆளில்லை. முதலாளி 510 அதிகம் என்கிறார். அவர் அந்த ஆறு மணிக்குத் தூங்கிக்கொண்டிருந்தார்.

பழையலாரி

ஸ்பேர் டிரைவர் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், 510-ஐவிடக் குறைவாக முடியும்.

கிடங்குக்காரி

இரண்டே வண்டிக்கு ஸ்பேர் டிரைவரா? எங்களுக்கு ஆறு வண்டி இருந்தும் அவருக்குப் பாதி நாள் வேலையில்லை.