அப்பாவின் கழுத்து இரத்தக்குழாய் ஸ்கேனில் வந்த சதவீதம்: அனுபவங்களைப் பகிருங்கள்

தொடக்கப் பதிவு (மதுரை, மகன்)

என் அப்பாவுக்கு வயது 68. 15 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. பீடிப் பழக்கத்தை 3 ஆண்டுகளுக்கு முன்புதான் விட்டார். காலையில் படுக்கையிலிருந்து எழும்போது தலை சுற்றுகிறது என்று சொன்னதால், குடும்ப மருத்துவர் கழுத்துக்கு டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். வலப்பக்கக் கரோடிட் குழாய், மூளைக்குச் செல்லும் கிளையில் முழுவதுமாக அடைபட்டிருக்கிறது என்றும், இடப்பக்கத்தில் கொழுப்புப் படிவும் 70 சதவீதத்துக்கு மேல் சுருக்கமும் இருக்கின்றன என்றும் அறிக்கை வந்தது. அதைக் கையில் வாங்கிய இரவு வீட்டில் யாரும் உறங்கவில்லை. ஒரு மருத்துவர் உடனே ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்கிறார். மற்றொருவர் மருந்து போதும் என்கிறார். அப்பாவுக்கு இதுவரை கை கால் மரத்ததோ, வாய் குழறியதோ, பார்வை மங்கியதோ இல்லை. இதே நிலையைக் கடந்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

திருநெல்வேலி வாசகர்

என் மைத்துனருக்கும் 70 சதவீதம் என்றுதான் சொன்னார்கள்; ஸ்டென்ட் வைத்து 4 ஆண்டுகளாக நலமாக இருக்கிறார். குழாய் சுருங்கினால் மூளைக்குப் போகும் இரத்தம் குறைகிறது, அதனால்தான் உங்கள் அப்பாவுக்குத் தலை சுற்றுகிறது. ஒரு பக்கம் ஏற்கெனவே மூடிவிட்டதால் மறுபக்கத்தைத் தாமதிக்காமல் திறந்துவிடுவதே நல்லது. படிவு மென்மையாக இருந்தால் ஆபத்து அதிகம் என்றும் எங்கள் மருத்துவர் சொன்னார்.

கோவை, ஓய்வுபெற்ற கதிரியக்க மருத்துவர்

தம்பி, அறிக்கையில் சதவீதத்துக்கு மேலே செ.மீ./வினாடி என்று சில எண்கள் இருக்கும். அவற்றை இங்கே எழுதுங்கள். டாப்ளர் கருவி சதவீதத்தை நேராக அளப்பதில்லை. இரத்தம் எவ்வளவு வேகமாகப் பாய்கிறது என்பதைத்தான் அளக்கிறது. ஆறு குறுகும் இடத்தில் நீர் விரைவதைப் போலக் குழாய் சுருங்கிய இடத்தில் வேகம் கூடுவதால், அந்த வேகத்தை வைத்துச் சுருக்கத்தை ஊகிக்கிறோம்.

மென்மையான படிவைப் பற்றித் திருநெல்வேலி நண்பர் சொன்னது சரி. திரையில் கருமையாகத் தெரியும் படிவு எளிதில் உடையும் என்ற கவலை எங்களுக்கு உண்டு. ஆனால் தலைசுற்றலுக்குக் காரணமாக அவர் சொன்னதை ஏற்க முடியவில்லை. கரோடிட் நோயால் வரும் பக்கவாதம் பெரும்பாலும் இரத்தம் குறைவதால் வருவதில்லை. படிவின் மேற்பரப்பு வெடித்து, அங்கே உறையும் இரத்தத்தின் துணுக்கோ படிவின் துகளோ மேலே சென்று மூளையின் சிறு குழாயை அடைப்பதால்தான் அது வருகிறது. அதனால்தான் மெதுவாக மூடிக்கொண்ட குழாயைச் சிலர் அறியாமலே சுமக்கிறார்கள்; மூளையின் அடியில் இருக்கும் இரத்தக்குழாய் வளையம் மறுபக்கத்து இரத்தத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. தலைசுற்றல் மட்டும் தனியாக வந்தால், அதைக் கரோடிட் நோயின் அறிகுறியாக நாங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

சேலம் வாசகி

எனக்கும் 2 மாதங்களாகப் பிடரி வலி இருக்கிறது, வலது தோள் வரை இழுக்கிறது. நானும் இந்த ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற ஆசிரியை

சேலம் சகோதரி, பிடரி வலி வேறு விஷயம். முதலில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். கரோடிட் படிவு பொதுவாக வலிப்பதே இல்லை. எனக்கு ஒருநாளும் வலிக்கவில்லை.

ஒரு மாலை விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது வலது கண்ணின் மேலிருந்து திரை இறங்கியது போல இருட்டியது. 5 நிமிடத்தில் தெளிந்துவிட்டது. கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நினைத்து விட்டுவிட்டேன். 2 நாள் கழித்து இடது கையிலிருந்த செம்பு தானாக நழுவியது, சிறிது நேரம் விரல்களை மடக்கவே முடியவில்லை. கண் மருத்துவர் கண்ணைப் பார்த்துவிட்டு, கண்ணில் ஒன்றுமில்லை, இன்றே நரம்பியல் மருத்துவரிடம் போங்கள் என்றார். கண்ணுக்குப் போகும் குழாய் அதே பக்கத்துக் கரோடிட்டிலிருந்துதான் கிளைக்கிறது என்றும், வலது மூளை இடது கையை இயக்குவதால் இரண்டு நிகழ்ச்சிக்கும் மூலம் ஒன்றே என்றும் அங்கே விளக்கினார்கள். வலப்பக்கம் 80 சதவீதச் சுருக்கம் இருந்தது. 9ஆம் நாள் கழுத்தைத் திறந்து படிவை அகற்றினார்கள். அந்த முதல் 2 நாளை நான் வீணடித்ததை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

தொடக்கப் பதிவர்

ஐயா, எண்கள் இவை: இடப்பக்கம் மூளைக்குப் போகும் கிளையில் 262; அதற்குக் கீழே பிரியாத குழாயில் 118.

கோவை மருத்துவர்

கிளையில் வேகம் 125ஐத் தாண்டினால் சுருக்கம் 50 சதவீதத்துக்கு மேல் என்றும், 230ஐத் தாண்டினால் 70க்கு மேல் என்றும் கொள்வது பரவலான வழக்கம். 262 என்பதைப் பார்த்து 70க்கு மேல் என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் வலப்பக்கம் மூடியிருப்பதால், இரு பக்கத்துக்குமான இரத்தத்தையும் இடப்பக்கமே சுமக்கிறது. சுருக்கம் கூடாமலே வேகம் கூடும். இதைச் சரிபார்க்க 262ஐ 118ஆல் வகுத்துப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 2.2 வருகிறது. 70க்கு மேல் என்றால் இந்த விகிதம் 4ஐத் தாண்டியிருக்க வேண்டும். 2க்கும் 4க்கும் இடையில் இருந்தால் 50 முதல் 69 வரை. உங்கள் அப்பாவின் இரண்டு அளவுகளும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. சி.டி. ஆஞ்சியோகிராம் எடுக்காமல் ஸ்டென்ட் பற்றி முடிவு செய்யாதீர்கள். வலப்பக்கம் உண்மையில் முழுவதும் மூடியிருக்கிறதா, நூல்போல ஓர் ஓட்டம் மிஞ்சியிருக்கிறதா என்பதும் அதில்தான் உறுதியாகும். டாப்ளரில் அந்த நூலோட்டம் தப்பிவிடக்கூடும்.

ஆசிரியை அம்மாவின் கதையும் உங்கள் அப்பாவின் கதையும் ஒன்றல்ல. அறிகுறி வந்தவர்களைப் பற்றி 1991இல் வெளியான வட அமெரிக்க ஆய்வில், 70 சதவீதத்துக்கு மேல் சுருக்கம் இருந்தவர்களுள், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 2 ஆண்டுக்குள் 100க்கு 26 பேருக்கு அதே பக்கப் பக்கவாதம் வந்தது; அறுவை செய்துகொண்டவர்களில் 9 பேருக்கு வந்தது. அறிகுறியே இல்லாதவர்களைப் பற்றிய 1995ஆம் ஆண்டு ஆய்வில், 5 ஆண்டுக் கணக்கு, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 100க்கு ஏறத்தாழ 11 பேர், அறுவை செய்துகொண்டவர்களில் 5 பேர் என்ற அளவில்தான் இருந்தது. அன்று கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மருந்துகள் இன்றுபோலப் புழக்கத்தில் இல்லை என்பதால், அந்த வேறுபாடு இன்று இன்னும் சுருங்கியிருக்கும் என்பது என் கருத்து. என்னோடு உடன்படாத அறுவை மருத்துவர்களும் உண்டு.

திருநெல்வேலி வாசகர்

மைத்துனரிடம் கேட்டேன். ஸ்டென்ட்டுக்கு முன்பு அவருக்கு 2 முறை பேச்சு குழறியிருக்கிறது. இதை எங்களிடம் அவர் சொன்னதே இல்லை. என் ஒப்பீடு பொருந்தவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

தொடக்கப் பதிவர்

சி.டி. ஆஞ்சியோகிராம் வந்துவிட்டது. வலப்பக்கம் முழு அடைப்புத்தான். அதைத் திறப்பதில் பயனில்லை என்கிறார்கள். இடப்பக்கச் சுருக்கம் ஏறத்தாழ 55 சதவீதம். ஆஸ்பிரினும் ஸ்டாடினும் தொடங்கியாயிற்று, 6 மாதத்தில் மறுபடி ஸ்கேன். படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் இரத்த அழுத்தம் பார்த்தபோது, நின்றதும் 30 புள்ளி இறங்கியது. தலைசுற்றலுக்குக் காரணம் அதுவே என்று ஒரு மாத்திரையைக் குறைத்திருக்கிறார்கள்.

ஒன்றுதான் தெளியவில்லை. ஒரு பக்கம் மூடியவருக்கு அழுத்தத்தை அதிகம் இறக்கக் கூடாது என்கிறார் நரம்பியல் மருத்துவர். சர்க்கரை இருப்பதால் 130க்குக் கீழே வைக்க வேண்டும் என்கிறார் குடும்ப மருத்துவர். இருவருக்கும் நடுவே அப்பாவின் அழுத்தம் இன்று 138இல் நிற்கிறது. இப்படி ஒரு பக்கம் மூடியவர்கள் வீட்டில் எந்த அளவில் வைத்திருக்கிறார்கள்?

தஞ்சாவூர் ஆசிரியை

எனக்கு இரு பக்கமும் திறந்திருப்பதால் என் அளவு உங்களுக்கு உதவாது. அந்த இரண்டு மருத்துவர்களையும் ஒருவரோடொருவர் தொலைபேசியில் பேச வையுங்கள். கண் இருட்டுவதையும், கை நழுவுவதையும், பேச்சு குழறுவதையும் பற்றி அப்பாவிடம் இன்றே சொல்லிவையுங்கள். 5 நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள், அந்த நாளே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.